ஜீன்ஸ் பின்பாக்கெட்டின் ஆரஞ்சுக் கோடு: தடித்த நூல் மேல்தையலின் வரலாறு

ஜீன்ஸ் கால்சட்டையிலும் டெனிம் ஜாக்கெட்டிலும், துணியின் வெளிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும்படி தடித்த நூலால் போடப்படும் தையல் மேல்தையல் எனப்படுகிறது. தையற்கடைகளில் இதை டாப் ஸ்டிச் என்பார்கள். மடித்த விளிம்பை ஒட்டி, அதிலிருந்து சுமார் 2 மில்லிமீட்டர் உள்ளே ஓடும் தையல் ஓரத்தையல், அதாவது எட்ஜ் ஸ்டிச். ஜீன்ஸில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும். விளிம்பை ஒட்டி ஒரு கோடு, அதிலிருந்து கால் அங்குலம் தள்ளி இன்னொரு கோடு. இந்த இரட்டைக் கோடு எப்படித் தோன்றியது, ஏன் தடித்த நூலில் வந்தது, அது நேராகவும் சீராகவும் ஓட என்னென்ன தேவைப்பட்டன என்பதை, லீவை ஸ்ட்ராஸ் நிறுவனத்து ஜீன்ஸின் பின்பாக்கெட் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு கையளவுத் துணிதான். ஆனால் இத்தையலின் வரலாற்றில் முக்கியமான திருப்பங்கள் எல்லாம் அதன்மேலேயே பதிவாகியுள்ளன.

இரண்டு கோடுகளின் வேலை

ஒரு பாக்கெட்டைக் கால்சட்டையின்மேல் வைத்துத் தைக்கும்போது அதன் ஓரத்தை உள்பக்கமாக மடிக்கிறோம். மடிப்பு ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் இருக்கும் என்று கொள்வோம். ஓரத்தையல் அந்த மடிப்பின் முனையைக் கால்சட்டையோடு பிணைக்கிறது. அதோடு நிறுத்திவிட்டால் உள்ளே மறைந்திருக்கும் வெட்டு விளிம்பு பிடிமானம் இல்லாமல் கிடக்கும். டெனிம் நூல்கள் தடித்தவை. ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் அந்த விளிம்பிலிருந்து இழை பிரிந்துகொண்டே வரும். இரண்டாவது கோடு விளிம்பிலிருந்து 8 மில்லிமீட்டரில் ஓடினால், உள்ளே இருக்கும் வெட்டு விளிம்பையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பாக்கெட்டில் கை நுழைத்து இழுக்கும்போது விழும் இழுவையும் ஒரு கோட்டில் குவியாமல் இரண்டாகப் பங்கிடப்படும்.

கால்களின் உள்பக்க மூட்டிலும், இருக்கைப் பகுதியின் நடு மூட்டிலும் இதே இரட்டைக் கோடுகளைக் காணலாம். அங்கே இரண்டு துணிகளின் ஓரங்கள் ஒன்றுக்குள் ஒன்று கொக்கிபோல் மடிக்கப்பட்டு, நான்கு அடுக்காகச் சேர்த்துத் தைக்கப்படுகின்றன. வெட்டு விளிம்பு எந்தப் பக்கத்திலும் வெளியே தெரியாது.

ஆக, பாக்கெட்டைச் சுற்றி ஓடும் இரட்டைக் கோட்டுக்கு வேலை உண்டு. பாக்கெட்டின் நடுவே பறவையின் சிறகுபோல் வளைந்து ஓடும் இரட்டைக் கோட்டுக்கு அப்படி எந்த வேலையும் இல்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் போர்க்காலச் செய்தி எளிதில் விளங்கும்.

ரீனோ நகரத் தையல்காரர்

ஜேக்கப் டேவிஸ் 1831இல் இன்றைய லாத்வியாவின் ரீகா நகரில் பிறந்தவர். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் தையற்கடை வைத்திருந்தார். கூடாரம், வண்டி மேல்விரிப்பு, குதிரைப் போர்வை போன்ற முரட்டு வேலைகள்தான் அவரிடம் அதிகம் வந்தன. கூலித் தொழிலாளி ஒருவருக்கு எளிதில் கிழியாத கால்சட்டை வேண்டும் என்று அவருடைய மனைவி வந்து கேட்டபோது, பாக்கெட்டின் மூலைகளில் செம்பு ரிவெட் அடித்துக் கொடுத்தார். கால்சட்டை கிழியத் தொடங்கும் இடம் பாக்கெட்டின் வாய்மூலை என்பது தையல்காரருக்குத் தெரியும். நூல் தாங்காத அந்த இடத்தை உலோகம் தாங்கியது.

டேவிஸ் தமக்கு வேண்டிய துணியை சான் பிரான்சிஸ்கோவில் இருந்த லீவை ஸ்ட்ராஸின் மொத்த வணிக நிறுவனத்திடம் வாங்கிவந்தார். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கக் கையில் பணம் இல்லாததால், 1872இல் அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிக் கூட்டுச் சேர அழைத்தார். 1873 மே 20 அன்று 139,121 என்ற எண்ணில் இருவர் பெயரிலும் காப்புரிமை கிடைத்தது. அது பாதுகாத்தது ரிவெட்டை மட்டுமே. தையலுக்கு அதில் உரிமை கோரப்படவில்லை.

ஆனாலும் பின்பாக்கெட்டின் நடுவே இரட்டைக் கோட்டு வளைவு 1873 முதலே இருந்தது என்பது நிறுவனத்தின் கூற்று. நூலின் நிறம் ஆரஞ்சு. செம்பு ரிவெட்டின் நிறத்தோடு ஒத்துப்போக அந்த நிறம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று நிறுவனம் சொல்கிறது. வளைவு ஏன் போடப்பட்டது என்பதற்கு ஆவணம் எதுவும் இல்லை. 1906ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தைத் தொடர்ந்து எழுந்த தீயில் நிறுவனத்தின் பழைய பதிவேடுகள் எரிந்துபோயின. பாக்கெட்டின் உட்துணியைப் பிடித்து வைக்கத்தான் அந்தத் தையல் என்று சிலர் எழுதுவதுண்டு. சான்று இல்லாத ஊகம் அது; அதை உறுதியான செய்தியாகத் திரும்பத் திரும்ப எழுதுவது சரியல்ல.

காப்புரிமை 1890இல் காலாவதியானது. அதன்பின் எவர் வேண்டுமானாலும் ரிவெட் அடித்த கால்சட்டை தைக்கலாம் என்றாயிற்று. அப்போதுதான் பின்பாக்கெட் கோட்டுக்கு அடையாளம் என்ற மதிப்பு கூடியது. ஆனால் நூலும் ஊசியும் யாரிடமும் இருக்கும். போட்டியாளர்களும் அடர்நீல டெனிமில் ஆரஞ்சு வளைவு போடத் தொடங்கினர். தொலைவிலிருந்தே தன் கால்சட்டையை வேறுபடுத்திக் காட்ட, 1936இல் லீவை நிறுவனம் பாக்கெட்டின் ஓரத்தில் சிவப்புத் துணித் துண்டு ஒன்றைச் செருகித் தைத்தது. வளைவுத் தையல் 1943இல் வணிகக் குறியாகப் பதிவு செய்யப்பட்டது.

ஒற்றை ஊசிக் காலம்

1947க்கு முன் அந்த இரட்டை வளைவை ஒற்றை ஊசி இயந்திரத்தில் தைத்தார்கள். முதலில் ஒரு கோடு. பிறகு துணியைத் திரும்ப வைத்து, முதற்கோட்டைப் பார்த்தபடியே அதற்கு இணையாக இரண்டாவது கோடு. இரண்டுக்கும் இடையிலான தூரத்தைத் தையல்காரரின் கண்ணும் கையுமே தீர்மானித்தன. ஆகவே அக்காலத்து பாக்கெட்டுகளில் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. ஒன்றில் கோடுகள் நெருங்கி இருக்கும். இன்னொன்றில் நடுவில் அகன்று ஓரத்தில் குறுகும். ஒரே கால்சட்டையில் வலப்பக்க வளைவும் இடப்பக்க வளைவும் வேறு வேறு ஆழத்தில் இறங்குவதும் உண்டு.

இதில் வியப்பில்லை. கரும்பலகையில் ஒரு கோடு போட்டுவிட்டு, அதற்கு இணையாக இன்னொரு கோட்டை அடிக்கோல் இல்லாமல் போடச் சொன்னால் என்ன நடக்கும் என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும். நேர்கோட்டிலேயே அப்படி என்றால் வளைகோட்டில் சொல்லவே வேண்டாம். வளைவில் உள்கோட்டின் நீளமும் வெளிக்கோட்டின் நீளமும் வேறு வேறு. துணியைத் திருப்பும் வேகம் சற்று மாறினாலும் இடைவெளி மாறிவிடும்.

ஆனால் ஒற்றை ஊசிக்கு ஒரு நன்மை இருந்தது. வளைவின் நடுவில் இரண்டு சிறகுகளும் சந்திக்கும் கூர்முனையை அது சுத்தமாகத் திரும்பும். முனையில் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி, பாதத்தை இறக்கித் தொடரலாம். ஊசியே அச்சாக நிற்பதால் கோடு அதே புள்ளியிலிருந்து புதிய திசையில் கிளம்பும்.

நூலுக்குப் பதில் சாயம்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு, ஆடைத் தயாரிப்பில் தேவையற்ற பொருட்செலவைக் குறைக்கக் கட்டுப்பாடுகள் விதித்தது. லீவை கால்சட்டையில் சிறு கடிகாரப் பாக்கெட்டின் ரிவெட்டுகள் போயின. கவட்டையில் இருந்த ரிவெட் போயிற்று. இடுப்பின் பின்னால் இருந்த இழுப்புப் பட்டையும் கொக்கியும் போயின. பின்பாக்கெட்டின் வளைவுத் தையல் அலங்காரம் என்று வகைப்படுத்தப்பட்டது. அதற்கு நூல் செலவழிக்க அனுமதி இல்லை.

பாக்கெட்டைச் சுற்றி ஓடும் கோடுகளை யாரும் தொடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவற்றை நீக்கினால் பாக்கெட் கழன்றுவிடும். எழுபது ஆண்டுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் ஒரே நூலில் ஓடிய இருவகைக் கோடுகளை ஓர் அரசாணை முதன்முறையாகப் பிரித்துப் பார்த்தது.

குறியை இழக்க நிறுவனத்துக்கு மனமில்லை. ஆகவே வளைவின் வடிவத்தைப் பாக்கெட்டின்மேல் சாயத்தால் தீட்டி விற்றார்கள். துவைக்கத் துவைக்க அது மங்கி மறைந்தது. பழைய ஜீன்ஸ் சேகரிப்போரிடம் இன்று அந்தக் கால்சட்டைகள் பெரும்பாலும் வெறும் பாக்கெட்டோடு இருப்பது இதனால்தான்.

வெறும் பாக்கெட் எல்லாமே போர்க்காலத்தது என்று சொல்லிவிட முடியாது. நூல் தேய்ந்து அறுந்துபோனாலும் பாக்கெட் வெறுமையாகத்தான் தெரியும். வேறுபடுத்த வழி உண்டு. வளைவு இருந்திருக்க வேண்டிய இடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். அறுந்த தையல் என்றால் ஊசித் துளைகள் வரிசையாக இருக்கும். அதோடு, பல ஆண்டுகள் நூல் மூடியிருந்த இடத்தில் நீலம் வெளிறாமல், கோடு அடர்நிறமாகப் பதிந்திருக்கும். சாயம் தீட்டிய பாக்கெட்டில் துளைகள் இரா.

இரட்டை ஊசியும் வைர வடிவமும்

போர் முடிந்து 1947இல் வந்த 501 ரகத்தில் வளைவுத் தையல் திரும்பியது. இம்முறை அதை இரட்டை ஊசி இயந்திரம் தைத்தது. இதில் இரண்டு ஊசிகள் ஒரே தண்டில், மாறாத இடைவெளியில் பொருத்தப்பட்டிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் இறங்கி ஒரே நேரத்தில் ஏறும். ஆகவே இரண்டு கோடுகளும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே இடைவெளியில்தான் ஓடும். தையல்காரர் கவனிக்க வேண்டியது ஒரே பாதையை மட்டும். ஒற்றை ஊசிக் காலத்தில் கைத்திறனை நம்பியிருந்த இணைகோடு, இப்போது இரும்புத் துண்டு ஒன்றின் அளவாகிவிட்டது.

சிக்கல் நடு முனையில் வந்தது. அதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். வளைவின் நடுவில் கீழ்நோக்கிய கூர்முனை ஒன்று இருக்கிறது. மேல்கோட்டின் முனை சற்று உயரத்தில் இருக்கும். கீழ்க்கோட்டின் முனை அதற்கு நேர் கீழே இருக்கும். முனையை நோக்கி இறங்கும்போது மேல்கோடு முதலில் நின்று திரும்ப வேண்டும். கீழ்க்கோடு இன்னும் சிறிது தூரம் போய்த் திரும்ப வேண்டும். ஆனால் ஊசிகள் சேர்ந்தே இயங்குபவை. கீழ் ஊசி தன் முனையை அடையும்வரை மேல் ஊசியும் தைத்துக்கொண்டே வருகிறது; தன் முனையைத் தாண்டி அப்பால் போய்விடுகிறது. துணியைத் திருப்பி மறு சிறகைத் தைக்கத் தொடங்கும்போதும் இதேதான். மேல்கோடு தன் முனைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. விளைவு, மேல்கோடுகள் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக் கொண்டு கீழ்க்கோடுகளைத் தொடுகின்றன. வெட்டும் புள்ளிக்கும் கீழ் முனைக்கும் நடுவே ஒரு சிறு சாய்சதுரம் அடைபடுகிறது. அதுதான் சேகரிப்போர் வைரம் என்று அழைக்கும் வடிவம். ஒரு தாளில் இரண்டு பென்சில்களைச் சேர்த்துக் கட்டிப் பிடித்து V எழுத்துப் போல வரைந்து பார்த்தால் இது உடனே விளங்கிவிடும்.

அழகுக்காக எவரும் அந்த வைரத்தை வரையவில்லை. திரும்பத் தெரியாத இயந்திரம் விட்டுச்சென்ற தடம் அது. கோடு சீரானதற்குக் கொடுத்த விலை என்றும் சொல்லலாம். இன்று அதுவே அந்த வணிகக் குறியின் பிரிக்க முடியாத பகுதியாகிவிட்டது.

காலம் கணிப்பதற்கு இது உதவும், ஓர் எல்லை வரை. லீவை பின்பாக்கெட்டில் வைரம் இருந்தால் அது 1947இலோ பின்னரோ தைக்கப்பட்டது என்று கொள்ளலாம். வைரம் இல்லை என்பதால் மட்டும் பழையது என்று முடிவு கட்டக் கூடாது. பழைய பாணியில் இன்று தயாராகும் மறுபதிப்பு ஜீன்ஸ்களில் வேண்டுமென்றே ஒற்றை ஊசியால் வளைவு போடுகிறார்கள். அப்போது மற்ற அடையாளங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பின்பாக்கெட்டின் ரிவெட்டுகள் 1937இல் துணிக்குள் மறைக்கப்பட்டன. நாற்காலியையும் குதிரைச் சேணத்தையும் அவை கீறுகின்றன என்ற புகார்தான் காரணம். 1966இல் அவையும் நீக்கப்பட்டு, நெருக்கமான பூட்டுத் தையல் அந்த இடத்துக்கு வந்தது. இதைத் தையற்கடைகளில் பார்டாக் என்பார்கள்.

வளைவு பதிவு செய்யப்பட்ட குறியாகிவிட்டதால் மற்ற நிறுவனங்கள் தங்கள் பாக்கெட்டுக்கு வேறு கோடு தேட வேண்டியதாயிற்று. லீ நிறுவனம் படுத்த S போன்ற அலைக்கோட்டை வைத்துக்கொண்டது. ராங்ளர் W எழுத்தை வைத்துக்கொண்டது.

தடிமன் ஏன்

டெனிம் சாய்வரி நெசவு. அதன் மேற்பரப்பில் மூலைவிட்டமாக ஓடும் வரப்புகளும் பள்ளங்களும் உண்டு. சட்டை தைக்கும் மெல்லிய நூலால் இதன்மேல் தைத்தால், நூல் சில இடங்களில் பள்ளத்தில் விழுந்து மறையும். சில இடங்களில் வரப்பின்மேல் ஏறும். துணியை நேராகச் செலுத்தியிருந்தாலும் கோடு தள்ளாடுவதுபோல் தோன்றும். தடித்த நூல் வரப்புகளின்மேல் பாலம்போல் கிடக்கிறது. அதனால் நேர்கோடு நேராகவே தெரிகிறது. வெளிப்பக்கம் கிடக்கும் நூல்தான் முதலில் உராய்ந்து தேயும் என்பதால், உழைப்புக்கும் தடிமன் உதவுகிறது.

எவ்வளவு தடிமன் என்பதற்கு டெக்ஸ் என்ற அளவு பயன்படுகிறது. 1000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுவே அதன் டெக்ஸ். சட்டைத் தையல் நூல் ஏறத்தாழ 25 டெக்ஸ். ஜீன்ஸ் மேல்தையல் நூல் ஏறத்தாழ 100 டெக்ஸ். எடை நான்கு மடங்கு என்றால் விட்டம் இரண்டு மடங்கு. வட்டத்தின் பரப்பளவு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்ற பள்ளிக் கணக்குதான். கடையில் நூல் வாங்கும்போது டிக்கெட் எண் என்ற இன்னோர் அளவைக் காண்போம். அது தலைகீழ் அளவு. எண் கூடினால் நூல் மெலியும். டிக்கெட் 120 சட்டை நூல். டிக்கெட் 30 ஜீன்ஸ் மேல்தையல் நூல்.

பழைய ஜீன்ஸ்களில் நூல் பருத்தி. துணியோடு சேர்ந்து அதுவும் வெளிறும், தேயும், அறும். பிற்காலத்தில் நடுவில் பாலியஸ்டர் இழையும் மேலே பருத்திச் சுற்றும் கொண்ட நூல் தொழிற்சாலைகளுக்கு வந்தது. இது எளிதில் அறாது. முழுப் பாலியஸ்டர் நூல் நிறமும் மாறாது. நீலம் வெளிறிய துணியில் புத்தம்புது ஆரஞ்சுக் கோடு பளிச்சென்று தெரிவதைச் சிலர் விரும்புவதில்லை. என் கண்ணுக்கும் துணியோடு சேர்ந்து மூப்படையும் பருத்தி நூலே பொருத்தமாகப் படுகிறது.

ஜாக்கெட்டில்

லீவை நிறுவனத்தின் முதல் ரக டெனிம் ஜாக்கெட்டில் முன்பக்கம் செங்குத்து மடிப்புகள் இருந்தன. அவற்றைச் சிறு கட்டம் கட்டமாகத் தைத்து நிறுத்தியிருந்தார்கள். உடம்புக்குத் தக்கபடி அந்தத் தையலைப் பிரித்து ஜாக்கெட்டை அகலப்படுத்திக்கொள்ளலாம். 1960களின் தொடக்கத்தில் வந்த மூன்றாம் ரகத்தில் மடிப்புகள் இல்லை. மார்புப் பாக்கெட்டிலிருந்து இடுப்புப் பட்டை வரை இரண்டு சாய்கோட்டு மூட்டுகள் V வடிவில் இறங்கின. இன்று எங்கும் காணும் டெனிம் ஜாக்கெட் இதன் வழிவந்ததே.

பார்வைக்கு ஜாக்கெட் கடினமானது. பின்பாக்கெட்டின் கோடு கோணினால் கவனிப்பவர் சிலரே. மார்பின்மேல் ஓர் அடி நீளத்துக்கு இறங்கும் கோடு கோணினால் எதிரே நிற்பவர் கண்ணில் உடனே படும். அதோடு சாய்வாக வெட்டிய துணி இழுத்தால் நீளும். அந்த மூட்டின் இரண்டு கோடுகளையும் மேலிருந்து கீழாக, ஒரே திசையில் தைக்க வேண்டும். ஒன்றை இறக்கமாகவும் மற்றதை ஏற்றமாகவும் தைத்தால், மேலடுக்கு இரண்டு எதிர்த்திசைகளில் தள்ளப்பட்டு, கோடுகளுக்கு நடுவே துணி முறுக்கியதுபோல் சாய்சுருக்கம் விழும்.

வீட்டு இயந்திரத்தில் ஒரு பாக்கெட்

தொழிற்சாலையில் இரட்டை ஊசி செய்யும் வேலையை வீட்டு இயந்திரத்தில் ஒற்றை ஊசியால் செய்ய வேண்டும். அதாவது நாம் 1947க்கு முந்தைய முறையில்தான் தைக்கிறோம். முறை தெரிந்தால் கோடு சீராகவே வரும்.

மேலே டிக்கெட் 30 நூல், பாபினில் அதே நிறத்தில் சாதாரண நூல். பாபினிலும் தடித்த நூலைச் சுற்றினால், இரண்டு தடித்த நூல்கள் பின்னும் முடிச்சு துணிக்குள் அடங்காமல் வெளியே பிதுங்கும். ஊசி 16 அல்லது 18ஆம் எண். ஊசி போதுமா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஊசியை இயந்திரத்தில் மாட்டுமுன் ஒரு முழ நூலில் கோத்து, நூலைச் சாய்வாக இழுத்துப் பிடிக்க வேண்டும். ஊசி தானாக வழுக்கி இறங்கினால் அதன் கண் போதும். நடுவில் நின்றால் கண் சிறியது. கண் சிறிதானால் நூல் உராய்ந்து பஞ்சு பிரியும், தையல் விட்டு விட்டு விழும். அந்நேரத்தில் பலரும் இயந்திரத்தைக் குறை சொல்வார்கள்; குறை ஊசியில் இருக்கும்.

தையல் நீளம் 3.5 மில்லிமீட்டர். இதைவிடக் குறைத்தால் தடித்த நூல் மணி கோத்ததுபோல் முண்டு முண்டாகத் தெரியும். டென்ஷனை எண் பார்த்து வைப்பதைவிட அறிகுறி பார்த்து வைப்பதே நல்லது. பாபின் நூல் மேற்பக்கம் புள்ளி புள்ளியாகத் தலைகாட்டினால் மேல்நூலைத் தளர்த்த வேண்டும். அடிப்பக்கம் தடித்த நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் இறுக்க வேண்டும். சோதிக்கும் துண்டுத் துணி, பாக்கெட் தைக்கும் இடத்தில் எத்தனை அடுக்கோ அத்தனை அடுக்காக இருக்க வேண்டும். ஒற்றை அடுக்கில் சரியாக இருந்த டென்ஷன் மூன்று அடுக்கில் சரியாக இராது.

முதலில் பாக்கெட்டின் வாயை மடித்துத் தைத்து, அதன் பின் நடு அலங்காரக் கோட்டைப் போட்டுவிட வேண்டும். கால்சட்டையில் பொருத்திய பிறகு அதைப் போட்டால் கோடு இரண்டு துணியையும் சேர்த்துத் தைத்து பாக்கெட்டையே மூடிவிடும். அலங்காரக் கோடு ஒற்றை அடுக்கில் ஓடுவதால் துணி சுருங்கக்கூடும். அடியில் மெல்லிய தாள் வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்தெடுக்கலாம். விற்பனைக்குத் தைப்பவர்கள் பதிவான குறிகளை விட்டுச் சொந்தக் கோடு ஒன்றை வரைந்துகொள்ள வேண்டும்.

இனி ஓரத்தையல். பாக்கெட்டின் பக்க விளிம்பு 138 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 3.5 மில்லிமீட்டர் வீதம் 39 தையல்கள் 136.5 மில்லிமீட்டரில் முடியும். மூலைக்கு மீதி 1.5. இன்னொரு முழுத் தையல் போட்டால் ஊசி மூலையைத் தாண்டிவிடும். 1.5 மில்லிமீட்டரில் ஒரு குட்டித் தையல் போட்டால் அது மட்டும் தனியாகத் தெரியும். ஆகவே 36 தையல்களில், அதாவது 126 மில்லிமீட்டரில், நிறுத்த வேண்டும். மீதி 12 மில்லிமீட்டரை 3 மில்லிமீட்டர் வீதம் நான்கு தையல்களாகப் பங்கிட வேண்டும். அரை மில்லிமீட்டர் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. தைக்கும்போது யாரும் 36 வரை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மூலைக்கு அரை அங்குலம் முன்னால் சாக்கால் ஒரு புள்ளி வைத்து, அங்கே நின்று, மீதியைக் கணித்து, கைச்சக்கரத்தால் ஓட்டினால் போதும்.

மூலையில் ஊசியை அடிவரை இறக்கி, சற்றே மேலெழத் தொடங்கும் இடத்தில் நிறுத்தித் துணியைத் திருப்ப வேண்டும். அந்நேரம் கீழேயுள்ள கொக்கி நூலைப் பற்றியிருக்கும். அடிவரை இறக்கியதோடு திருப்பினால் அந்தத் தையல் விட்டுப்போகும் வாய்ப்பு உண்டு. இரண்டாவது கோட்டுக்கு ஊசியைப் பார்க்காமல், பாதத்தின் ஓரம் முதற்கோட்டின்மேல் எங்கே ஓடுகிறது என்பதையே பார்த்துத் தைக்க வேண்டும். ஊசி மேலும் கீழும் அசைவது. பாதத்தின் ஓரம் அசையாதது. அசையாததைப் பார்க்கும் கண் கோட்டை நேராக்கும்.

தொடக்கத்திலும் முடிவிலும் பின்னோக்கித் தைத்துப் பூட்டினால் தடித்த நூல் மேடாகக் குவியும். நூல் முனைகளைக் கைஊசியால் அடிப்பக்கம் இழுத்து முடிச்சுப் போடுவது நல்லது. பாக்கெட் வாயின் இரு மூலைகளிலும் சாதாரண நூலால் நெருக்கமாக ஒரு பூட்டுத் தையல் போட்டால் ரிவெட்டின் வேலையை அது செய்யும்.

நடு மூட்டைக் கடக்கும் இடம் ஒன்றுதான் மீதி. தடித்த மூட்டின்மேல் பாதம் ஏறும்போது அதன் முன்முனை தூக்கிக்கொள்கிறது. கீழேயுள்ள பற்களுக்கும் பாதத்துக்கும் நடுவே துணி சரியாகப் பிடிபடாததால் நகராமல் நிற்கிறது. அங்கே மூன்று நான்கு தையல்கள் ஒரே இடத்தில் குவிந்து, கோடு ஒரு பக்கம் விலகும். இதைத் தவிர்க்க, முதலில் அந்த மூட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டையாக்க வேண்டும். பிறகு டெனிம் துண்டு ஒன்றை மூட்டின் உயரத்துக்கு மடித்துப் பாதத்தின் பின்பகுதிக்கு அடியில் வைத்தால் பாதம் மட்டமாக நிற்கும். பற்கள் துணியைப் பிடித்து நகர்த்தும். மூட்டைக் கடந்து இறங்கும்போது அதே துண்டைப் பாதத்தின் முன்பகுதிக்கு அடியில் வைக்க வேண்டும்.